எட்டு வரிச் செருமல்

கவியரங்கம் பார்த்திருப்பீர்கள். கவிஞர் எழுந்து ஒலிவாங்கி முன்னால் வருவார். உடனே கவிதைக்குள் போக மாட்டார். தமிழுக்கு ஒரு வணக்கம், தலைமைக்கு ஒரு வணக்கம், தனக்கு முன்னால் பாடியவருக்கு ஒரு பாராட்டு, தன்னைப் பற்றி ஒரு அடக்கம். கூட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் பேசிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்க அந்த நேரம் தேவை. தொண்டையைச் செருமுவது அங்கே மரியாதை, உத்தியும்கூட.

இது நம்மிடம் பழைய பழக்கம். காப்பு, அவையடக்கம், பாயிரம் என்று அதற்குப் பெயர்களே உண்டு. எத்தனை சிறப்பு இருந்தாலும் பாயிரம் இல்லாதது நூலே இல்லை என்று நன்னூல் கண்டிப்பாகச் சொல்கிறது. பெரிய நூலுக்கு அது சரி. பத்தாயிரம் பாட்டு பாடப்போகிறவர் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போகலாம். இருபது வரிக் கவிதையில் எட்டு வரியை வாசலுக்குக் கொடுத்தால் உட்கார இடம் எங்கே இருக்கும்?

நான் ஒரு சிறிய இதழுக்கு வரும் கவிதைகளைப் படித்துத் தேர்வு செய்கிறேன். அவற்றில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். முதல் பத்தி ‘நினைவுகள் என்பவை’ என்றோ ‘வாழ்க்கை எப்போதும்’ என்றோ தொடங்கும். இரண்டாவது பத்தியில் திடீரென்று ஒரு பொருள், ஒரு கை, ஒரு சத்தம் வரும். கவிதை அங்கேதான் பிறக்கிறது. முன்னால் இருப்பது பிறப்புக்கு முந்தைய உலாத்தல். அந்த முதல் பத்தியை வெட்டிவிட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் நூல் பிரிந்து தொங்கும். அதைத் தைப்பதுதான் வேலை. ஒரு கவிதையை வைத்துக் காட்டுகிறேன். எழுதிய தம்பி அனுமதி கொடுத்தான், பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

அவனுடைய அப்பா பஸ் கண்டக்டர். போன வருஷம் இறந்துபோனார். அவன் அனுப்பிய முதல் வரைவின் தலைப்பு ‘அப்பாவின் கடைசிப் பயணம்’. கவிதை இது:

நினைவுகள் என்பவை
நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை
காலம் ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரு பேருந்து
அதில் ஏறியவர்கள் எல்லோரும்
ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்
அப்பாவை நினைக்கும்போதெல்லாம்
சொல்ல முடியாத ஏதோ ஒன்று
நெஞ்சை அடைக்கிறது

அப்போதும்கூட அந்த வலது கட்டைவிரல்
டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது
பச்சைத் துணி விரித்த கட்டிலில்
மூக்கில் குழாயோடு
கண் திறக்காமல்
ஒவ்வொன்றாகக் காற்றிலிருந்து கிழித்து
யாருக்கோ நீட்டினார்

நர்ஸ் ஒருத்தி வாங்கிக்கொண்டாள்
மீதியைப் பின்னால்
எழுதிக் கொடுங்க சார் என்றாள்

விடியும் முன்
மூச்சு ஒரு விசில் அடித்தது
அம்மா இரண்டாவதற்குக்
காத்திருந்தாள்

படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் நான் ஒன்றும் எழுதவில்லை. அந்த நர்ஸ் வாங்கிக்கொண்ட இல்லாத டிக்கெட் கையிலேயே இருந்தது. பிறகு முதல் பத்திக்குத் திரும்பிப் போனேன்.

முதல் பத்தி செருமல்தானா என்று தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் சோதனை எளிது. அந்த எட்டு வரியையும் பிய்த்து வேறொரு கவிதையின் தலையில் ஒட்டிப் பார்ப்பேன். மீனவரான ஒரு அப்பாவைப் பற்றிய கவிதையில் ஒட்டினாலும் ஒட்டுகிறது. பாட்டியைப் பற்றிய கவிதையில், ‘அப்பா’வை மாற்றிவிட்டால் அதுவும் சரியாகவே இருக்கிறது. பஸ் உவமைகூட இந்தக் கண்டக்டரிடமிருந்து வந்ததில்லை. யார் வேண்டுமானாலும் காலத்தைப் பஸ் என்று சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். அடுத்தது ‘அந்த வலது கட்டைவிரல்’. இதை எங்கேயும் ஒட்ட முடியாது. வருஷக்கணக்காக ஒரே வேலையைச் செய்து பழகிய ஒரு குறிப்பிட்ட விரல். ஆக, முதல் உண்மையான படிமம் ஒன்பதாவது வரியில் இருக்கிறது.

போனில் அவனிடம் இதைச் சொன்னேன்.

“அண்ணே, அத எடுத்துட்டா கவித மொட்டையா நிக்காதா?” என்றான். “யாரு, என்னன்னு ஒண்ணும் தெரியாதே. அதுவும் போக, அந்த எட்டு வரிய எழுதும்போதுதான் நான் அழுதேன்.”

இரண்டாவதாகச் சொன்னதுதான் அவனுக்கு முக்கியம் என்று குரலில் தெரிந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த எட்டு வரி இல்லாமல் அவன் கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு வெற்றுத்தாள் முன்னால் உட்கார்ந்தவனுக்குக் கையில் கிடைத்தது ‘நினைவுகள்’ என்ற சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கித்தான் கட்டிலைப் பார்த்தான். கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டும். தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கும்போது கயிற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

“நீ அழுத இடம் அது. படிக்கிறவன் அழ வேண்டிய இடம் எது?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “விசில்” என்றான்.

“அந்த விசிலை உன் முதல் பத்தி என்ன பண்ணுதுன்னு பாரு.”

செருமல் பத்தி நீளமாக இருப்பதோ பொதுப்படையாக இருப்பதோ அதன் பெரிய கெடுதல் இல்லை. பின்னால் வரப்போகும் படிமத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுவதுதான் கெடுதல். மூன்றாவது வரியிலேயே காலம் ஒரு பஸ் என்று சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது வரியில் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றும் சொல்லியாகிவிட்டது. இதற்குப் பிறகு கட்டைவிரல் டிக்கெட் கிழிக்கும்போது வாசகன் விரலைப் பார்ப்பதில்லை. ‘ஓ, பஸ் உவமை தொடர்கிறது’ என்று தலையாட்டுகிறான். உண்மையில் நடந்த ஒன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணால் கண்ட ஒன்று, உவமையின் அலங்காரமாகிப் போகிறது. கடைசியில் அந்த ஒற்றை விசில் வரும்போது அதன் அர்த்தம் ஏற்கெனவே விளக்கவுரையோடு கைக்கு வந்துவிட்டது. ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். நம் ஊரில் பஸ் ஏறியவர்கள் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதை ‘நிறுத்தம்’ என்ற சொல் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிட்டது.

இதைச் சொன்னதும் அவனே முதல் பத்தியை அடித்துவிட்டு மறுபடி அனுப்பினான். இப்போது கவிதை இப்படித் தொடங்கியது:

அப்போதும்கூட அந்த வலது கட்டைவிரல்
டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது

நூல் பிரிந்து தொங்கும் என்று சொன்னேனே, அது இதுதான். ‘அப்போதும்’ என்றால் எப்போது? ‘அந்த’ என்றால் எந்த? சுட்டுச்சொல் சுட்டுவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. தமிழில் இந்த ஒட்டுகள் சின்னதாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ‘அந்த’, ‘அவள்’, ‘இப்படி’, ‘ஆனாலும்’ எல்லாம் பின்னால் திரும்பிப் பார்க்கும் சொற்கள். ஒரு பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘உம்’ இன்னும் மோசம். ‘சைக்கிளும் கிடந்தது’ என்று ஒரு கவிதை தொடங்கினால், முன்னால் வேறு ஏதோ கிடந்தது, அதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். முதல் பத்தியை வெட்டியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, புதிய முதல் மூன்று வரிகளில் இப்படித் திரும்பிப் பார்க்கும் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று வட்டம் போடுவது.

வட்டம் போட்டதும் உடனே அடித்துவிடக் கூடாது. ஒவ்வொன்றிடமும் ‘நீ எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்’ என்று கேட்க வேண்டும். ‘அந்த’விடம் கேட்டால் பதில் சுலபம்: அப்பாவை. ஆகவே ‘அப்பாவின்’ என்று போட்டுவிடலாம். யாரென்று தெரியாதே என்ற அவனுடைய கவலைக்கு இந்த ஒரு சொல்லே பதில். எட்டு வரி செய்துகொண்டிருந்த வேலையில் உருப்படியானது அவ்வளவுதான்.

‘அப்போதும்கூட’ அப்படி இல்லை. முதல் பத்தியில் எந்த நேரமும் குறிப்பிடப்படவில்லை. பிறகு அந்த ‘உம்’ எதைப் பார்க்கிறது? அவனிடமே கேட்டேன்.

“அதாண்ணே, வீட்லயும் தூக்கத்துல இப்பிடித்தான் செய்வாரு. கை மட்டும் போர்வைக்கு வெளிய வந்து கிழிச்சிட்டே இருக்கும். சில ராத்திரி வாயாலயே ரெண்டு விசில் அடிப்பாரு. நாங்க சிரிப்போம். அம்மா, ‘வண்டி கெளம்பிருச்சு, படுங்கடா’ம்பா.”

நான் பேனாவைத் தேடினேன். எட்டு வரி நினைவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, ஒரு நினைவுகூட அதில் இல்லை. நினைவு ஒரு ‘உம்’மின் கீழே ஒளிந்துகொண்டிருந்தது. செருமல் பத்தியைத் திருத்துவதில் எனக்குப் பிடித்த இடம் இது. பெரும்பாலும் அங்கே சொல்லப்படாத ஒரு படிமம் இருக்கும். பொதுவாகப் பேசுவது அதைத் தொடாமல் சுற்றிப் போவதற்கான வழி.

அடுத்து, எங்கே தொடங்குவது என்ற கேள்வி. முதல் படிமம் எது என்று தெரிந்தாலும் அதற்குள் எந்தச் சொல் முதலில் வருவது என்பது தனி முடிவு. மூன்று வழிகளை எழுதிப் பார்த்தோம்.

முதலாவது, கட்டிலிலிருந்து. ‘பச்சைத் துணி விரித்த கட்டிலில் / மூக்கில் குழாயோடு / அப்பாவின் கட்டைவிரல்’ என்று போகும். இடம் தெளிவாகிறது. ஆனால் வாசகனுக்கு முதலில் தெரிவது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றதும் அவன் ஒரு சாவுக்குத் தயாராகிவிடுகிறான். விரலின் விநோதம் பிதற்றலாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது, டிக்கெட்டிலிருந்து. ‘டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது / அப்பாவின் வலது கட்டைவிரல்’ என்று வினையை முன்னால் தூக்கிப்போடுவது. புதுக்கவிதையில் இது பழகிய திருப்பம்தான். இங்கே அது வரியை மேடையேற்றிவிடுகிறது. ஒரு பையன் கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பது போய், யாரோ அறிவிப்பது போல ஆகிவிடுகிறது.

மூன்றாவது, இயல்பான வரிசை. ‘அப்பாவின் வலது கட்டைவிரல் / டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது.’ தமிழ் வாக்கியம் வினையில் போய்தான் முடியும். வரி உடையும் இடத்தில் விரல் மட்டும் தனியாக நிற்கிறது. அது என்ன செய்கிறது என்று அடுத்த வரியில்தான் தெரிகிறது. ‘டிக்கெட்’ என்றதும் பஸ் மனதில் வருகிறது. வெயிலும் கூட்டமும் வருகின்றன. மூன்றாவது வரியில் ‘மூக்கில் குழாயோடு’ வந்து அந்த பஸ்ஸைக் கலைத்துவிடுகிறது. அவர் இருந்த நிலையும் அதுதானே. அவர் பஸ்ஸில் இருந்தார், அவரைச் சுற்றி நின்றவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இதையே வைத்துக்கொண்டோம்.

கட்டில் போய்விட்டதால் இடத்தை எங்கே சொல்வது? இங்கே சங்கப் பாடல்களிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். யார் பேசுகிறார்கள், யாரிடம், என்ன நிலைமையில் என்பதைப் பாட்டின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்புகள் பாட்டோடு பிறந்தவையல்ல, பின்னால் சேர்க்கப்பட்டவை. ஆனாலும் நாம் அவற்றோடு சேர்த்தே பாட்டைப் படித்துப் பழகியிருக்கிறோம். தகவல் வெளியே நிற்க, பாட்டு நேராகக் குருகையோ குறிஞ்சிப் பூவையோ காட்டித் தொடங்கலாம். நமக்கு அப்படிக் குறிப்பு எழுத ஆள் கிடையாது. தலைப்பு இருக்கிறது. ‘அப்பாவின் கடைசிப் பயணம்’ என்ற தலைப்பு ஒரு தகவலும் தராமல் முடிவை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது தலைப்பிலேயே ஒரு செருமல். அதை எடுத்துவிட்டு ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று வைத்தான். ஆஸ்பத்திரிப் பலகையில் எழுதியிருக்கும் உணர்ச்சியில்லாத எழுத்து. இடம் சொல்லியாகிவிட்டது, முதல் வரிக்குச் சுமை இல்லை.

தலைப்பில் ஆஸ்பத்திரியைச் சொன்னால் கட்டிலிலிருந்து தொடங்குவதும் அதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றில்லை. தலைப்பு சுவரில் இருக்கும் எழுத்து. அதைத் தாண்டி உள்ளே போனதும் எதிரே விரல் நிற்கிறது. கட்டில், துணி, குழாய் என்று வர்ணித்துக்கொண்டு வந்தால் விரல் வரிசையில் நாலாவது பொருளாகிவிடும்.

இன்னும் ஒரு பிரச்சினை இருந்தது. அதை அவன்தான் கண்டுபிடித்தான். “அண்ணே, ரெண்டு விசில்னா போலாம்னு நமக்குத் தெரியும். கொழும்பிலயோ சிங்கப்பூர்லயோ இருந்து படிக்கிறவங்களுக்கு? முந்தி அந்த ‘நிறுத்தம்’ இருந்துச்சு, ஓரளவு புடிச்சிப்பாங்க. இப்ப அதும் இல்ல.”

நல்ல கேள்வி. வெட்டிய பத்தி ஒரு வேலையை அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தது, அந்த வேலை இப்போது யாரிடமும் இல்லை. வெட்டுவதில் இருக்கும் நிஜமான நஷ்டம் இப்படித்தான் வரும். அடிக்குறிப்பு போடலாம், அது விளக்கெண்ணெய் குடிப்பது போல. பதில் அவன் சொன்ன தூக்கத்திலேயே இருந்தது. இப்போது கவிதையின் தொடக்கம் இது:

அப்பாவின் வலது கட்டைவிரல்
டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது
மூக்கில் குழாயோடு
கண் திறக்காமல்
ஒவ்வொன்றாகக் காற்றிலிருந்து கிழித்து
யாருக்கோ நீட்டினார்

வீட்டில் தூங்கும்போதும் இப்படித்தான்
சில ராத்திரி வாயாலேயே இரண்டு விசில் அடிப்பார்
வீடு கிளம்பிப் போகும்

இதற்குப் பின் நர்ஸ், பிறகு விடியல், அம்மா. அந்த இரண்டு பத்திகளில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இரண்டு விசிலுக்கு வீடு கிளம்பிப் போகும் என்று படித்தவருக்கு, பஸ் ஏறியே பழக்கமில்லாதவராக இருந்தாலும், ஒரு விசிலோடு நின்றுபோனதன் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மா எதற்குக் காத்திருக்கிறாள் என்று தெரியும். அதுவும் இப்போது அவள் வேறு யாரோ ஒரு அம்மா இல்லை. ‘வண்டி கெளம்பிருச்சு’ என்று பல ராத்திரி சொன்னவள். அந்த வாக்கியம் கவிதையில் இல்லை, இருக்கவும் வேண்டாம். அது இருந்த வீடு வந்துவிட்டது.

கணக்குப் பார்த்தால் எட்டு வரியும் ஒரு கட்டிலும் போய் மூன்று வரி வந்திருக்கிறது. திருத்துவது குறைப்பது மட்டுமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செருமல் என்றால் எப்போதும் ‘வாழ்க்கை’, ‘காலம்’ என்று அருவமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ 1922இல் வந்தது. அதன் கையெழுத்துப் பிரதிகளை 1971இல் அவருடைய மனைவி வெளியிட்டபோது, நாம் அறிந்த தொடக்கத்துக்கு முன்னால் இன்னொரு பக்கம் இருந்தது தெரியவந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வரிகள். நகரத்தில் ஒரு ராத்திரி குடித்துவிட்டுச் சுற்றும் நண்பர்கள், அவர்கள் பேச்சு, போலீஸ்காரர் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும் காட்சிகள். அது பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கிறது. அங்கே படிமத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ராத்திரி இல்லாமலும் கவிதை தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆகவே ‘முதல் உண்மையான படிமம்’ என்று நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும் முதல் பொருளை இல்லை. கவிதையின் கடைசி வரி திரும்பிப் பார்க்கும்போது அதன் கண்ணில் படுகிற முதல் பொருளை. விசில் திரும்பிப் பார்த்தால் கட்டைவிரல் தெரிகிறது. பச்சைத் துணி தெரிவதில்லை.

இதே அளவுகோல் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். படிமமே இல்லாத, சாதாரணப் பேச்சாக ஒரு தொடக்கம் இருக்கலாம். அதைப் பார்த்ததும் கத்திரியை எடுக்கக் கூடாது. கவிதை பின்னால் அந்தப் பேச்சோடு சண்டை போடுகிறதா, அதைப் பொய்யாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ‘எனக்கு யார்மேலும் கோபமில்லை’ என்று தொடங்கும் ஒரு கவிதை, கடைசியில் உடைந்த தட்டு ஒன்றைக் காட்டி முடிந்தால், அந்த முதல் வரியை எடுத்தவன் தட்டையும் சேர்த்து எடுத்துவிட்டான் என்று அர்த்தம். முதல் வரிக்கு முடிவு பதில் சொல்கிறது என்றால் அது தொண்டையைச் செருமவில்லை, பேசத் தொடங்கிவிட்டது. தம்பியின் எட்டு வரிக்கு இந்த வாய்ப்பையும் கொடுத்துப் பார்த்தேன். ‘இறங்கித்தான் ஆக வேண்டும்’ என்பதை அம்மாவின் காத்திருப்பு மறுக்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு பார்த்தால் அம்மா எந்தத் தத்துவத்தையும் மறுக்கவில்லை. இன்னொரு விசிலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திருத்திய கவிதையை அவன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மறுநாள் போன் செய்தான்.

“என்ன சொன்னாங்க?”

“நர்சுப் பொண்ணு பேரு போடலியான்னு கேட்டாண்ணே. அந்தப் பொண்ணு எட்டு ரூவா மீதின்னு சொல்லிச்சாம். எனக்கு அது ஞாபகமே இல்ல.”

எட்டு ரூபாயைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.